வட்டி பூஜ்ஜியத்தில், பணமோ குவியலாக: ஜப்பானில் 2001க்குப் பிறகு ஏன் எதுவும் அசையவில்லை?

தேன்மொழி

முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பணத்தின் அளவுக்கும் வட்டிக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு கோடு வரைந்து, அது வலப்பக்கம் படுக்கையாகப் போகும் இடத்தைத் தொட்டுக் காட்டி, "வட்டி பூஜ்ஜியத்தைத் தொட்டபின் பணத்தைக் கூட்டினாலும் எதுவும் அசையாத நிலை, இதுதான் நீர்மைப் பொறி" என்று முடித்துவிட்டார்கள். தேர்வுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

என் குழப்பம் இதுதான். வட்டியைக் குறைக்க இனி இடமில்லை என்றானதும், 2001 மார்ச்சில் ஜப்பான் மத்திய வங்கி பணத்தின் அளவையே இலக்காக வைத்தது. வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் நடப்புக் கணக்கு இருப்பை 5 லட்சம் கோடி யென்னுக்கு ஏற்றுவோம் என்று தொடங்கி, 2004 ஜனவரியில் 30 முதல் 35 லட்சம் கோடி வரை கொண்டுபோனது. வங்கிகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது தொடக்கத்தில் சுமார் 4 லட்சம் கோடிதான். மூன்றே ஆண்டில் ஆறேழு மடங்கு! ஆனால் அந்தக் காலம் முழுக்க விலைவாசி இறங்கிக்கொண்டேதான் இருந்தது, வங்கிக் கடனும் சுருங்கியது. பணத்தைக் கூட்டினால் விலை ஏறும் என்றுதானே முதலாண்டிலிருந்து படிக்கிறோம். அப்படியானால் அந்தப் பணம் எங்கே போனது?

கடைக்காரர்63

அம்மா, இந்தப் பொறியில் நான் இருபது வருஷமாக மாட்டியிருக்கிறேன். ஈரோட்டில் ஹார்டுவேர் கடை. சரக்குக்கு முப்பது நாளில் பணம் கட்டவேண்டும், காண்டிராக்டர்கள் எனக்குத் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் இழுப்பார்கள். ஏட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. லிக்விடிட்டி இல்லாமல் மூச்சு முட்டுவதற்குப் பெயர்தான் இது. ஜப்பான்காரனுக்கும் இதே கதைதான் போல.

நேர்பேச்சு

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மத்திய வங்கி பணம் கொடுத்தது, வங்கிகள் அதைக் கடன் கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டன. பழைய வாராக்கடன் பயம். "மத்திய வங்கியில் உன் கணக்கில் இவ்வளவு இருப்பு, அதாவது ரிசர்வ், இருக்கிறதே, எடுத்துக் கடன் கொடு" என்று அரசு ஆணை போட்டிருந்தால் ஆறு மாதத்தில் பணம் சுற்றியிருக்கும். பொறி கிறி என்பதெல்லாம் பேராசிரியர்கள் வைத்த பெயர்.

சபாபதி

நான் வங்கிக் கருவூலப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இதைக் கோட்டிலிருந்து பார்க்காமல், வங்கியின் பணத்தை அன்றாடம் கடன் கொடுத்து வாங்கும் டீலரின் நாற்காலியிலிருந்து பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் கடைக்காரர் ஐயாவுக்கு. உங்களுடையது காசு இல்லாத சிக்கல். இங்கே பேசுவது அதற்கு நேர் எதிரானது. காசு நிரம்பி வழிகிறது, ஆனால் யாருக்கும் அதைக் கையை விட்டு அனுப்பத் தோன்றவில்லை.

இப்போது கணக்கு. 1991 தொடக்கத்தில், வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் டோக்கியோ கால் மார்க்கெட்டில் ஓர் இரவுக் கடனுக்கு வட்டி சுமார் 8 சதவீதம். என் வங்கியின் நடப்புக் கணக்கில் தேவைக்கு மேல் 1,000 கோடி யென் இருக்கிறது என்று வையுங்கள். மத்திய வங்கி அதற்கு அப்போது வட்டி கொடுப்பதில்லை. அதை அப்படியே தூங்கவிட்டால் ஒரே இரவில் சுமார் 22 லட்சம் யென் நட்டம். மறுநாள் காலை மேலாளர் என் மேசைக்கு வந்து "ஏன் போடவில்லை?" என்று கேட்பார். அதனால் நான் அதை மாலைக்குள் யாரிடமாவது தள்ளிவிடுவேன். வாங்கியவனும் அதேபோல் தள்ளுவான். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வட்டியும் இறங்கும், எங்கோ ஒரு தொழிற்சாலை முதலாளிக்குக் கடன் கட்டுப்படியாகும். பணத்தைக் கூட்டினால் வேலை செய்கிறது என்றால், அந்த 22 லட்சம் யென் நட்ட பயம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதால்தான்.

2001க்கு வாருங்கள். கால் மார்க்கெட் வட்டி 0.001 சதவீதம் வரை போனது. அதே 1,000 கோடி யென்னை ஓர் இரவு கடன் கொடுத்தால் வருவது 274 யென். லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை, வெறும் 274. அந்த வருடக் கோடையில்தான் யோஷினோயா கடைகளில் மாட்டிறைச்சிச் சோற்றுக் கிண்ணத்தை 400 யென்னிலிருந்து 280க்கு இறக்கினார்கள். ஆயிரம் கோடியை இரவு முழுக்கக் கடன் விட்டாலும் ஒரு கிண்ணச் சோற்றுக்கு ஆறு யென் குறைகிறது. தரகுக் கூலிக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் அது காணாது. எந்த டீலர் தொலைபேசியை எடுப்பான்? எடுக்கவில்லை. அந்தச் சந்தையே சுருங்கிப்போனது.

தேன்மொழி, உங்கள் கேள்விக்கு இதுதான் விடை. பணம் எங்கும் போகவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. தள்ளுகிற கை இல்லை.

தேன்மொழி

நன்றி சார். இரவுக் கடன் சரி. ஆனால் மத்திய வங்கி சும்மா கொடுக்கவில்லையே, வங்கிகளிடமிருந்து பத்திரங்களை வாங்கித்தானே பணம் கொடுத்தது? வட்டி தரும் பத்திரத்தை விற்றவன் கையில் வட்டி இல்லாத பணம் இருந்தால், அவன் வேறு எதையாவது வாங்க ஓடமாட்டானா?

சபாபதி

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். பத்திரம் 5 சதவீதம் தருகிறது, பணம் எதுவும் தருவதில்லை என்றால் ஓடுவான். ஜப்பான் மத்திய வங்கி அன்று அதிகம் வாங்கியது குறுகிய காலப் பத்திரங்கள். அரசின் மூன்று மாதக் கடன் பத்திரமான கருவூல உண்டியலும் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் தந்தது. பூஜ்ஜியம் தரும் காகிதத்தை வாங்கிக்கொண்டு பூஜ்ஜியம் தரும் கணக்கு இருப்பைக் கொடுத்தார்கள். இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை ஓர் இருநூறு ரூபாய்த் தாளாக மாற்றிக்கொண்டவன் கூடுதலாகச் செலவு செய்வானா?

இன்னொரு வேடிக்கை. மத்திய வங்கி "இத்தனை கோடிக்குக் கடன் தருகிறோம், இத்தனை கோடிக்குப் பத்திரம் வாங்குகிறோம், ஏலம் கேளுங்கள்" என்று அறிவிக்கும். வங்கிகள் கேட்ட தொகை அந்த அறிவிப்பைவிடக் குறைவாக வந்து நிற்கும். ஜப்பானியர்கள் இதை 'ஃபுதாவாரே' என்பார்கள். 2001லும் நடந்தது, 2005லும் நடந்தது. இலவசம் என்று அறிவித்துவிட்டுக் கடையைத் திறந்தால் வரிசையில் ஆள் இல்லாத நிலை! ஏலத்தில் கேட்கக்கூடிய மிகக் குறைந்த வட்டி 0.01 சதவீதமாக இருந்ததை 2001 மே மாதம் 0.001 ஆக மாற்றியதற்கும் இதுதான் காரணம்.

பொறிக்குள் இருக்கிறோமா என்று பார்க்க நான் கோட்டைப் பார்க்கமாட்டேன். ஏலத்துக்கு ஆள் வருகிறதா என்று பார்ப்பேன்.

நேர்பேச்சு சொன்னதில் பாதி உண்மை. வங்கிகள் நொந்துபோயிருந்தன. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் யமாயிச்சி பங்குத் தரகு நிறுவனமும் ஒரே மாதத்தில் விழுந்தன, 2003இல் ரெசோனா வங்கியை அரசுப் பணம் போட்டுத் தூக்க வேண்டியிருந்தது. மூலதனம் தேய்ந்துபோன வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், மறுக்கவில்லை. ஆனால் "ரிசர்வை எடுத்துக் கடன் கொடு" என்பது நடக்காத காரியம். நான் ஒருவருக்குக் கடன் கொடுத்தால் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். அவர் அதைச் செலவு செய்தால் என் ரிசர்வ் இன்னொரு வங்கியின் கணக்குக்குப் போகும். எல்லா வங்கியையும் சேர்த்துப் பார்த்தால், மக்கள் நோட்டாக எடுத்தால் ஒழிய, அந்த 30 லட்சம் கோடி அங்கேயேதான் நிற்கும். ரிசர்வ் குவிந்து கிடப்பதை வைத்து "பூட்டி வைத்தான்" என்று சொல்லமுடியாது.

நேர்பேச்சு

சரி, ரிசர்வ் வெளியே போகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கடன் கொடுத்தால் வைப்புத்தொகை கூடுமே, அது நடக்கவில்லையே? வங்கி மனது வைக்கவில்லை என்ற என் பேச்சு அப்படியேதான் நிற்கிறது.

மாறன்

வங்கி மனது வைத்தாலும் வாங்க ஆள் வேண்டுமே. நோமுரா ஆய்வு நிறுவனத்தின் ரிச்சர்ட் கூ இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய நிறுவனங்கள். பெருநகர வணிக நிலத்தின் விலை உச்சத்திலிருந்து நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. கடன் மட்டும் அப்படியே. தொழில் ஓடுகிறது, மாதாமாதம் லாபம் வருகிறது, ஆனால் சொத்தைவிடக் கடன் பெரிது. அப்படிப்பட்ட முதலாளி வட்டி பூஜ்ஜியம் என்பதற்காகப் புதுக் கடன் வாங்கமாட்டார். வருகிற லாபத்தில் பழைய கடனை அடைப்பார். ஒருவர் அடைத்தால் அது புத்திசாலித்தனம். எல்லாரும் ஒரே நேரத்தில் அடைத்தால் அவரவர் வாடிக்கையாளரே காணாமல் போய்விடுவார்.

அதனால் வட்டியைப் பற்றிப் பேசுவதே வீண். வாங்க ஆள் இல்லாதபோது அரசு கடன் வாங்கிச் செலவு செய்யவேண்டும். 1997 ஏப்ரலில் நுகர்வு வரியை 3லிருந்து 5 சதவீதமாக ஏற்றியது பெரிய தவறு என்பது என் கருத்து.

கடைக்காரர்63

இப்போது புரிகிறது. 2020 கொரோனா சமயத்தில் என் வங்கியிலிருந்து போன் மேல் போன். "சார், வட்டி குறைந்திருக்கிறது, லிமிட்டைக் கூட்டித் தருகிறோம்." கடைக்கு ஆளே வரவில்லை, எதற்கு வாங்குவது? கையில் இருந்ததைப் போட்டுப் பழைய லோனை அடைத்தேன். அந்த மேனேஜர் வருத்தப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. அப்படியானால் நானும் ஜப்பான் முதலாளியா? அப்போது இந்தியாவும் பொறியில்தான் இருந்ததா?

சபாபதி

நீங்கள் ஜப்பான் முதலாளி மாதிரி நடந்துகொண்டீர்கள், ஐயா. ஆனால் நாடு பொறியில் இல்லை. 2020 ஏப்ரல் நடுவில் நம் வங்கிகள் ரிவர்ஸ் ரெப்போவில், அதாவது உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து வட்டி வாங்கும் வசதியில், 6.9 லட்சம் கோடி ரூபாய் போட்டு வைத்திருந்தன. குவியலைப் பார்த்தால் ஜப்பான் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் குவியலுக்கு 4 சதவீதம் வட்டி கிடைத்தது, ஒரு சிறு ஆபத்தும் இல்லாமல். அங்கே போட்டது லாபம். ரிசர்வ் வங்கி அதை ஏப்ரல் 17இல் 3.75 ஆகவும், மே மாதம் 3.35 ஆகவும் இறக்கியது. அதாவது இறக்க இடம் இருந்தது. அதோடு நம் ஊரில் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. 6 சதவீதம் விலை ஏறும் இடத்தில் 4 சதவீதத்துக்குக் கடன் வாங்கினால் உண்மையில் வட்டி பூஜ்ஜியத்துக்குக் கீழே.

ஜப்பானின் வலி இங்கேதான் இருக்கிறது. வட்டி பூஜ்ஜியம், விலையோ வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் இறங்குகிறது. கடன் வாங்குபவன் திருப்பித் தரும் யென் வாங்கிய யென்னைவிடக் கனமானது. ஆக உண்மை வட்டி 1 சதவீதம். அன்றைய நிலைக்கு அது எதிர்மறையில் இருக்கவேண்டும். பெயரளவு வட்டியை அதற்குமேல் இறக்கமுடியாது. நோட்டு என்ற ஒன்று இருக்கும்வரை, "உன் பணத்துக்கு வருடம் 3 சதவீதம் பிடிப்பேன்" என்றால் மக்கள் நோட்டாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

கிழக்குச்சாளரம்

வீட்டில் வைப்பது பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. 2014 முதல் கவாசாகியில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. 2016 ஜனவரி 29 அன்று, வங்கிகள் தன்னிடம் வைக்கும் இருப்புக்கு வட்டி மைனஸ் 0.1 சதவீதம் என்று மத்திய வங்கி அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் அடுத்த வாரமே இரும்புப் பெட்டி விலை விசாரித்தார். இங்கே செய்தித்தாள்களிலும் பெட்டி விற்பனை கூடியதாக வந்தது. ஆனால் வைப்புத்தொகையில் யாரும் கை வைக்கவில்லை. பெரிய வங்கிகள் சேமிப்பு வட்டியை 0.02லிருந்து 0.001 ஆக்கின, அதற்குக் கீழே இறக்கவில்லை. என் கணக்கில் 10 லட்சம் யென் இருந்தது, வருட வட்டி 10 யென். அலுவலகம் முடிந்து இரவில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு தடவைக்குக் கட்டணம் 108 யென். ஒரு தடவை எடுத்ததைச் சம்பாதிக்கப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும்.

வங்கிகள் மத்திய வங்கிக்கு அபராதம் கட்டின என்றார்களே, அது எங்களிடம் ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சபாபதி

ஏனென்றால் அபராதம் விழுந்தது ஒரு துண்டுக்கு மட்டும். தொடங்கியபோது வங்கிகளின் இருப்பு சுமார் 260 லட்சம் கோடி யென். அதில் 210 லட்சம் கோடிக்கு முன்போலவே 0.1 சதவீதம் வட்டி கொடுத்தார்கள், 40 லட்சம் கோடிக்குப் பூஜ்ஜியம், கடைசி 10 லட்சம் கோடிக்குத்தான் மைனஸ். உங்கள் அலுவலகப் பெரியவருக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. வைப்புத்தொகையில் பிடித்தால் இரும்புப் பெட்டி, பிடிக்காவிட்டால் வங்கிக்கு லாபம் தேயும், தேய்ந்த வங்கி கடன் கொடுக்காது. இரண்டு சுவருக்கு நடுவில் மைனஸ் 0.1 அளவுக்குத்தான் இடம் இருந்தது.

மாறன், நீங்கள் சொன்ன கடன் அடைக்கும் கதையை ஏற்கிறேன். "வட்டி பேச்சே வீண்" என்பதைத்தான் ஏற்கமாட்டேன். 1998இல் அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ருக்மன் ஜப்பானைப் பற்றிச் சொன்னது வேறு. இன்றைக்கு எவ்வளவு பணம் கொட்டுகிறாய் என்பது முக்கியமில்லை, நிலைமை சீரானபிறகும் அதை உறிஞ்சாமல் விடுவாய் என்று மக்கள் நம்பவேண்டும். நம்பினால் நாளைக்கு விலை ஏறும் என்று இன்றே எண்ணுவார்கள், உண்மை வட்டி இறங்கும். ஆனால் மத்திய வங்கிக்காரனின் தொழிலே விலையேற்றத்தைத் தடுப்பது. "இந்த ஒருமுறை நான் பொறுப்பில்லாமல் இருப்பேன், சத்தியம்" என்று அவன் சொன்னால் யார் நம்புவார்?

நம்பாமல் இருக்கக் காரணமும் கொடுத்தார்கள். 1999 பிப்ரவரியில் பூஜ்ஜிய வட்டி. பணவாட்டப் பயம், அதாவது விலைவாசி தொடர்ந்து இறங்கும் என்ற பயம், தீரும்வரை இது தொடரும் என்று ஏப்ரலில் ஆளுநர் ஹயாமி சொன்னார். 2000 ஆகஸ்டில், விலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, 0.25க்கு ஏற்றினார்கள். அரசின் பிரதிநிதிகள் அந்தக் கூட்டத்திலேயே வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டார்கள், குழு மறுத்துவிட்டது. ஏழு மாதத்தில் எல்லாவற்றையும் திரும்ப இறக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு 30 லட்சம் கோடி கொட்டினாலும் பார்ப்பவன் மனதில் என்ன ஓடும்? "கொஞ்சம் தலை தூக்கினால் எடுத்துவிடுவார்கள்." 2006 மார்ச்சில் அதுதான் நடந்தது, சில மாதங்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டார்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: 2000 ஆகஸ்டில் எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் உவேதா கசுவோ. 2024 மார்ச்சில் ஆளுநராக இருந்து மைனஸ் வட்டியை முடித்துவைத்தவரும் அவரே.

மாறன்

நம்பிக்கைதான் பிரச்சினை என்றால் 2013 உங்களுக்கு எதிராக நிற்கிறதே, ஐயா. குரோதா மத்திய வங்கி ஆளுநராக வந்து, இரண்டு வருடத்தில் 2 சதவீதப் பணவீக்கம் என்று தேதி போட்டுச் சொன்னார். நோட்டு, நாணயம், ரிசர்வ் மூன்றும் சேர்ந்த அடிப்படைப் பணத்தை இரட்டிப்பாக்குவேன் என்றார். 2012 கடைசியில் 138 லட்சம் கோடி, 2014 கடைசியில் 270 லட்சம் கோடிக்கு மேல். சொன்னதைச் செய்தார். நீண்டகாலப் பத்திரம்தான் வாங்கினார், பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் மாற்றவில்லை. ஆனாலும் 2 சதவீதம் நிலைக்கவில்லை. 2022இல் விலை ஏறியது என்றால் அது எரிபொருளும் இறக்குமதியும் யென் சரிவும் செய்த வேலை.

சபாபதி

யென் விழுந்தது, பங்குச்சந்தை ஏறியது, விலை இறங்குவது நின்றது. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. அதோடு 2014 ஏப்ரலில் நுகர்வு வரியை 8 சதவீதமாக்கினார்கள், வேகம் அங்கே உடைந்தது. ஆனால் இதைச் சொல்லும்போது நான் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன் என்பதும் தெரிகிறது. வரி கெடுத்தது என்றால் செலவு உதவியிருக்கும். இருபது வருடம் விலை ஏறாமல் பார்த்த தலைமுறையின் எண்ணத்தை ஓர் ஆளுநரின் பேச்சு எவ்வளவு மாற்றும் என்பதில் எனக்கே உறுதி இல்லை.

நேர்பேச்சு

ஆக இருபது வருடப் பணம் கொட்டலுக்குப் பிறகு, விலையை ஏற்றியது எண்ணெய்க் கப்பல். நான் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது.

தேன்மொழி

ஒரு கேள்வி மட்டும் சார். 2008க்குப் பிறகு மத்திய வங்கிகள் ரிசர்வுக்கே வட்டி கொடுக்கின்றன. அப்படியானால் வட்டி 5 சதவீதமாக இருக்கும்போதுகூட, டீலருக்கு அந்த 22 லட்சம் யென் நட்ட பயம் இருக்காதே? தள்ளுகிற கை எப்போதுமே இல்லை என்றாகிவிடாதா?

சபாபதி

ஆமாம், ரிசர்வின் அளவைப் பொறுத்தவரை தள்ளும் கை இப்போது எப்போதுமே இல்லை. அந்தப் பழைய வழி போய்விட்டது. ஆனால் 5 சதவீதத்தில் நின்றால், அந்த ரிசர்வ் வட்டியையே 4க்கு இறக்கலாம், எல்லா வட்டியும் கூடவே இறங்கும். பூஜ்ஜியத்தில் அந்த நெம்புகோலும் கிடையாது. வித்தியாசம் அதுதான். இதை உங்கள் படுக்கைக் கோட்டில் எப்படி வரைவீர்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

கிழக்குச்சாளரம்

மைனஸ் வட்டி முடிந்த 2024 மார்ச்சில் என் வங்கி சேமிப்பு வட்டியை 0.02 ஆக ஏற்றியதாகக் கடிதம் அனுப்பியது. அதே 10 லட்சத்துக்கு வருடம் 200 யென், வரி போக 160. ஏடிஎம் கட்டணம் அப்போது 110. ஒருமுறை இரவில் பணம் எடுத்தாலும் 50 யென் மிஞ்சியது!